ஆயாவின் கணக்கில் இருபது நாள் பாக்கி

அன்புள்ள ஆயாவுக்கு,

பேரன் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நேற்று ராத்திரி நீ போன் போட்டு என் சம்பளம், என் தொப்பை, என் கல்யாணம் மூன்றையும் விசாரித்து முடித்துவிட்டாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று 2026 டிசம்பர் 8, செவ்வாய்க்கிழமை. உனக்கு எண்பது முடிகிறது. எல்லாரும் புடவை எடுத்துத் தருவார்கள், நீயும் "எதுக்குடா செலவு" என்று சொல்லிக்கொண்டே முந்தானையைப் பிரித்துப் பார்ப்பாய். நான் வேறு ஏதாவது தரலாம் என்று நீ வாழ்ந்த நாளை எண்ணித் தருவதாகச் சொன்னேன். எண்பதை 365-ஆல் பெருக்கி 29,200 என்று போன மாதமே சொல்லியும்விட்டேன். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் கேட்டாய்: "லீப்பு வருஷத்து நாளெல்லாம் எங்கடா போச்சு? பால்காரன் மாதிரி கணக்கு சொல்ற."

நாற்பது வருஷம் காலண்டரில் புள்ளி வைத்துப் பால் கணக்குப் பார்த்தவளிடம் நான் வாலாட்டியிருக்கக் கூடாது. 1948-இல் தொடங்கி 2024 வரைக்கும் உன் ஆயுசில் பிப்ரவரி 29 இருபது தடவை வந்திருக்கிறது. ஆக 29,220. நான் திருடிய இருபது நாளையும் இத்துடன் திருப்பித் தந்துவிட்டேன். இதில் உனக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. நூறால் வகுபடும் வருஷம் லீப் கிடையாது, நானூறால் வகுபட்டால் மட்டும் உண்டு. அதனால் 2000 உனக்கு நாளைக் கொடுத்தது. உன் பாட்டிக்கு 1900 கொடுக்கவில்லை. பாவம், அந்தக் கிழவிக்கு ஒரு நாள் கூலி போச்சு.

கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தேன்:

```
=DATE(2026,12,8)-DATE(1946,12,8)
```

29220 என்றே வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிக்கும், அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் முதல் நாளும் நாள்தான். தீட்டு எண்ணுகிறபோது செத்த அன்றிலிருந்துதானே எண்ணுகிறோம்? அப்படிப் பார்த்தால் இன்று உனக்கு 29,221-ஆவது நாள். ஒரு நாள் லாபம். நீ எதை எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சரி, 1946 டிசம்பர் 8 என்ற தேதியே எங்கிருந்து வந்தது என்று சித்தப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். உனக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. செங்கம் போகிற வழியில் ஒரு கூரை வீட்டில் பிறந்தவளுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? உங்கம்மா சொன்ன சாட்சியம் ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது: "விய வருஷம், கார்த்திகை மாசம், அண்ணாமலையார் தீபத்துக்கு மறுநா, நெலாவ பாம்பு புடிச்ச ராத்திரி."

உங்கம்மாவுக்குக் கையெழுத்து போட வராது. ஆனால் எந்தத் தாசில்தாரும் இவ்வளவு துல்லியமாக ஒரு தேதியைக் குறித்ததில்லை. விய வருஷம் என்றால் 1946 சித்திரை முதல் 1947 பங்குனி வரை. அறுபது வருஷ வட்டத்தில் அதே விய 2006-இலும் வந்ததே, அப்போது உனக்கு அறுபது முடிந்து மாலை மாற்றினார்கள், தாத்தா மாலையை உன் கழுத்தில் போடாமல் பக்கத்தில் நின்ற ஐயர் கழுத்தில் போடப் போனாரே, அந்த வருஷம். முதல் வியவுக்கே திரும்புவோம். அந்தக் கார்த்திகையில் முழுச் சந்திர கிரகணம் வந்தது ஒரே ஒரு ராத்திரி. டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தீபம் அதற்கு முந்தின நாள். கிரகணம் நம் நேரப்படி ஒன்பதரைக்கு மேல் பிடித்து, பதினொன்றே காலுக்கு உச்சிக்குப் போய், நள்ளிரவு தாண்டித்தான் விட்டது.

இங்கேதான் உலக்கை உள்ளே வருகிறது. வீட்டில் கடிகாரம் இல்லை. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தினார்கள். உலக்கை நின்றால் கிரகணம் பிடித்திருக்கிறது, சாய்ந்தால் விட்டது. உன் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து உலக்கையைக் காவல் காக்க, உள்ளே உங்கம்மா வலியில் கத்த, மருத்துவச்சி வெந்நீர் கேட்க, உன் அப்பா வெளியே நின்று நிலாவைப் பார்க்கலாமா கூடாதா என்று குழம்ப, உலக்கை நின்றுகொண்டிருக்கும்போதே நீ வந்து விழுந்தாய். இது உங்கம்மா வாக்குமூலம்.

சொல்கிறேன் என்று கோபிக்காதே. அடியில் பூண் போட்ட உலக்கை எந்த நாளும் நிற்கும். போன வாரம் நம் வீட்டு உலக்கையை வெறும் புதன்கிழமை மத்தியானம் நிறுத்திப் பார்த்தேன், கம்பீரமாக நின்றது. அடி தட்டையாக இருந்து கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். கிரகணத்தன்று மட்டும்தான் நிற்கும் என்று தோன்றுவதற்குக் காரணம், மற்ற நாட்களில் யாரும் வேலை மெனக்கெட்டு அதை நிறுத்துவதில்லை. ஆக, உன் பிறந்த நேரத்துக்கு இருக்கிற ஒரே கடிகாரம், எப்போதும் ஒரே மணி காட்டுகிற கடிகாரம்.

சிக்கல் நள்ளிரவில்தான். பன்னிரண்டுக்கு முன்னால் பிறந்திருந்தால் டிசம்பர் 8. பின்னால் என்றால் 9, உன் கணக்கில் ஒரு நாள் குறையும். பஞ்சாங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குச் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள், நீ எத்தனை மணிக்கு வந்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைதான். ஆனால் நட்சத்திரம் நடு ராத்திரியில் காலை வாரியது. நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய நள்ளிரவையொட்டித்தான் ரோகிணி போய் மிருகசீரிடம் வருகிறது. அதனால்தான் ஒரு ஜோசியர் ரோகிணி என்று எழுத, தாத்தா வீட்டு ஜோசியர் மிருகசீரிடம் என்று அடித்து எழுதினார். பொருத்தம் பார்க்கும்போது இருபது வருஷம் கழித்துச் சண்டை வந்தது. நீ என்ன செய்தாய்? "எது பொருந்துதோ அதுல பொறந்தேன்" என்றாய். மாப்பிள்ளை பிடித்திருந்தது போல. வீட்டில் ரோகிணி என்றே நிலைத்துவிட்டதால், நள்ளிரவுக்கு முன் என்று தீர்ப்பு எழுதி, டிசம்பர் 8-ஐ உறுதி செய்கிறேன்.

நீ பிறந்த மறுநாள், திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, டில்லியில் அரசியல் நிர்ணய சபை முதல் தடவையாகக் கூடியது. உனக்கு அப்போது வயது சுமார் பன்னிரண்டு மணி நேரம். கூட்டத்திலேயே வயதில் மூத்தவர் என்று சச்சிதானந்த சின்ஹாவைத் தற்காலிகத் தலைவராக உட்கார வைத்தார்கள். முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் வரவில்லை. உன் தொட்டிலைச் சுற்றியும் அதே கதைதான். வீட்டிலேயே மூத்தவள் என்று உன் பாட்டியைத் தலைமையில் உட்கார வைத்தார்கள், உன் அத்தை வீட்டார் கோபித்துக்கொண்டு வரவில்லை. அங்கே நாட்டுக்குப் பெயர் முடிவு செய்து சட்டம் எழுதி நிறைவேற்றக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆனது. கடைசியில் ஒரு பெயரில் உடன்பாடு வராமல் இந்தியா என்றும் எழுதி, பாரதம் என்றும் எழுதி வைத்தார்கள். உனக்கும் ஊரார் முன்னால் ஒரு பெயர் வைத்து, வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டார்கள். ஆனால் நம் ஆட்கள் அதைப் பதினோரே நாளில் முடித்தார்கள். சுதந்திரம் வந்த அன்று உனக்கு 250 நாள். கொடியேற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள், நீ உன் அப்பாவின் வேட்டியை நனைத்தாய், மிட்டாய் உன் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போனது. சுதந்திரத்தைப் பற்றி உன் குறை இன்றுவரைக்கும் அந்த மிட்டாய் ஒன்றுதான்.

இப்போது சர்க்கார் கணக்குக்கு வருவோம். இந்தப் பகுதியைக் கருவூலத்துக்காரர்கள் யாராவது வந்திருந்தால் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்.

1951 ஜூனில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனார்கள். உனக்கு நாலரை வயது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் தலைமை ஆசிரியர். நாலரை வயதுக் கைக்கு அது எட்டாது. நீ கையை நீட்டாமல் தலையைச் சாய்த்துக் காதைக் கைக்குக் கொண்டுவந்தாய். வாத்தியார் சிரித்துவிட்டு ஆறு வயது என்று முடிவு செய்து, 1-6-1945 என்று எழுதிவிட்டார். அந்தத் தேதியில் நீ பிறந்திருக்க வழியே இல்லை. உங்கம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் குடும்பத்தின் மானத்தில் வாத்தியார் எவ்வளவு அலட்சியமாக மை தெளித்தார் பார்.

1945 ஜூன் 1-க்கும் 1946 டிசம்பர் 8-க்கும் நடுவில் 555 நாள். நீ வாழாத, ஆனால் முத்திரையோடு உன் பெயரில் இருக்கிற 555 நாள். ஆதாரில் அதுதான், வங்கியில் அதுதான். அறுபது வந்ததும் மூத்த குடிமக்கள் வட்டி 555 நாள் முன்னாலேயே ஆரம்பித்தது. தாத்தாவின் குடும்ப ஓய்வூதியத்தில் எண்பது முடிந்தால் இருபது சதவீதம் கூடுதல் உண்டு. அதையும் போன வருஷம் ஜூனிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறாய். திருத்திவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "வாத்தியார் பொய் சொல்லுவாரா?" என்றாய். தலையைச் சாய்த்தது யார் என்று நான் கேட்கவில்லை.

ஆயா, தலையைச் சாய்ப்பது உன் பரம்பரைக் கலை. நயா பைசா வந்த கதையை நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும். 1957 ஏப்ரல் 1. உனக்குப் பத்து வயது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றிலிருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா. அப்படியானால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால் ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று சர்க்கார் அட்டவணை போட்டுக் கொடுத்தது. பெரியவர்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நீ அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

உங்கப்பா நாலணாவுக்குப் பொட்டுக்கடலை வாங்கி வரச் சொல்லி இருபத்தைந்து பைசா கொடுத்தார். நீ கடைக்குப் போய் ஓரணாவுக்கு என்று ஒரு பொட்டலம் வாங்கினாய், ஆறு பைசா. வெளியே வந்து, திரும்ப உள்ளே போய் இன்னொரு ஓரணாவுக்கு. நாலு தடவை. இருபத்து நாலு பைசாவில் நாலணாச் சரக்கு, மீதி ஒரு பைசா உன் பாவாடை முடிச்சில். ஒரு வாரம் நடந்தது. எட்டாவது நாள் கடைக்காரர், "பாப்பா, மொத்தமாத்தான் தருவேன்" என்றார். "அணாக்கணக்குல ஓரணா சரக்கு தரமாட்டீங்களா?" என்று கூட்டத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறாய். அவர் ஒரு பைசாவை எடுத்து உன் கையில் வைத்து, "இனிமே உங்கண்ணன அனுப்பு" என்றாராம். நாட்டின் நாணயச் சீர்திருத்தத்தில் லாபம் பார்த்த முதல் பெண் நீயாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக நிலாக் கணக்கு. இதில்தான் உனக்கு ஒரு கெட்ட செய்தி.

ஆயிரம் பிறை கண்டவர்களுக்குச் சதாபிஷேகம் செய்ய வேண்டும், எண்பது வருஷம் எட்டு மாதத்தில் திருக்கடையூரில் செய்துவிடலாம் என்று பெரியப்பா இப்போதே வேன் பேசிக்கொண்டிருக்கிறார். எண்பதும் எட்டும் எப்படி ஆயிரமாகும் என்று போட்டுப் பார்த்தேன். பழைய கணக்கு அழகானது. ஐந்து வருஷத்துக்கு அறுபது மாதம், அதோடு நிலாவின் ஓட்டம் வேகமானது என்பதால் இரண்டு மாதம் கூடுதல். ஆக ஐந்து வருஷத்துக்கு 62 பௌர்ணமி. எண்பது வருஷத்துக்கு 992. எட்டு மாதம் சேர்த்தால் ஆயிரம், துல்லியமாக உட்காருகிறது. ஆனால் நிலா அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சராசரியாக இருபத்தொன்பதரை நாளுக்குச் சற்று மேலே. அப்படிப் பார்த்தால் ஐந்து வருஷத்துக்கு இரண்டு மாதம் கூடாது, பத்தொன்பது வருஷத்துக்கு ஏழுதான் கூடும். எண்பது வருஷத்தில் இரண்டரை மாதம் இடிக்கிறது. ஓரணாவுக்கு ஆறு பைசா மாதிரிதான். சின்னதாக வெட்டினது கடைசியில் வந்து நிற்கிறது.

நீ பிறந்ததே பௌர்ணமி. அதையும் ஒன்று என்று எண்ணினால், போன மாதம் 24-ஆம் தேதி, தீபத்தன்று வந்தது உன் 990-ஆவது பௌர்ணமி. பெரியப்பா வேன் பேசியிருக்கிற 2027 ஆகஸ்ட் 8-க்குள் 998 தான் வரும். இரண்டு குறைகிறது. அதிலும் "கண்ட" என்று சட்டம் பேசினால் வழக்கு இன்னும் மோசம். முதல் பௌர்ணமியைப் பாம்பு விழுங்கிவிட்டது, நீ கண்ணே திறக்கவில்லை. ஐப்பசி கார்த்திகையில் பாதி வருஷம் மழை மூட்டம். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "வேன்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார். அதற்கு மேல் வானசாஸ்திரத்தில் விவாதம் கிடையாது. போய் வாருங்கள்.

ஆனால் ஒன்று. நீ நிலாவைப் பார்க்காதவள் என்று யாராவது சொன்னால் நான் சாட்சி சொல்வேன். ஒரே குடும்பத்துக் கிரகணம் 6,585 நாளும் எட்டு மணி நேரமும் கழித்துத் திரும்ப வரும். அந்த எட்டு மணி நேரத்தால் அடுத்த தடவை உலகத்தின் வேறு பக்கம் பார்க்கும். மூன்றாவது தடவைதான் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்து சேரும். உன் கிரகணம் 1964-இல் நம்மூரில் விடிந்த பிறகு வந்தது. 1982-இல் சாயங்காலம் நிலா ஏறும் முன்பே பெரும்பாலும் முடிந்தது. மூன்றாவது 2001 ஜனவரி 9 ராத்திரி, சரியாக நம் தலைக்கு மேலே.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜன்னலையெல்லாம் சாத்தி, எங்களை வரிசையாகப் படுக்க வைத்து, "வெளிய எவனாவது தலய நீட்டினா கால ஒடிப்பேன்" என்றாய். நடு ராத்திரிக்கு மேல் ஒன்றுக்கு முட்டியது. காலை ஒடித்தாலும் பரவாயில்லை என்று பின்கட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் நீ நின்றிருந்தாய். மார்கழிப் பனிக்குத் தலையில் தாத்தாவின் துண்டு. செம்புக்காசு மாதிரி சிவந்திருந்த நிலாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். பக்கத்தில் தாம்பாளத்தில் உலக்கை. என்னைப் பார்த்ததும் உலக்கையைக் காட்டி, "நிக்குதான்னு பாக்க வந்தேன்" என்றாய். அது கீழே விழுந்து கிடந்தது.

இன்று வானத்தில் நிலா கிடையாது. முழு நிலாவில் பிறந்து அமாவாசையில் எண்பது முடிக்கிறாய். கறி கிடைக்காது, வடை பாயசம்தான், அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் கணக்கில் உனக்கு 30,000 நாள் 2029 ஜனவரி 26-இல் முடிகிறது. குடியரசு தினம். அன்றைக்கு மிட்டாய் உனக்குத்தான், உன் அண்ணனுக்கு இல்லை, நான் வாங்கி வருகிறேன். அதற்கு முன்னால் ஆயிரமாவது பௌர்ணமி. 2027 செப்டம்பர் 15 ராத்திரி போய் 16 விடிகாலை நாலரை மணி வாக்கில்தான் நிலா முழுசாகிறது. நீ வாசல் தெளிக்கிற நேரம். வாளியைக் கீழே வைத்துவிட்டு மேற்கே பார். நான் அன்றைக்கு ஊரில்தான் இருப்பேன். மூட்டமாக இருந்தால் கவலைப்படாதே, உலக்கையை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் கால் ஒடியாத பேரன்

பின்குறிப்பு: நேற்று வாங்கிய பாலுக்கு நீ இரண்டு புள்ளி வைத்திருக்கிறாயாம். பால்காரர் எனக்குப் போன் செய்து அழுதார்.